விஸர்கமும் அநுஸ்வாரமும் தமிழெழுத்தில்

ஸ்தோத்ரங்களைத் தமிழெழுத்தில் பதிப்பிக்கையில் விஸர்கத்தை இருபுள்ளியால் குறிப்பதே பெருவழக்கு. சில பதிப்புகள், வாசிப்போர்க்கு எளிதாகுமென்று கருதி, அதனை ஹகரமாக விரித்தெழுதுகின்றன. இதனால் விளையும் கேட்டை, 'ஹரி காத்தருள்க' எனப் பொருள்படும் 'ஹரி: பாது' என்னும் தொடரிற் காணலாம்.

இதில் அக்ஷரம் நான்கு. 'ரி' குறிலேயாயினும் விஸர்கம் சார்ந்தமையால் குருவாகும். 'ஹரிஹி பாது' என்றெழுதினால் அக்ஷரம் ஐந்தாகி, பாதத்துக்கு எட்டக்ஷரமே உடைய அநுஷ்டுப்பில் ஒன்று மிகும். மேலும் அந்த 'ஹி', 'அன்றோ' என்னும் பொருளுடைய தனிச்சொல்லோ எனவும் மயக்கும். விஸர்கத்தை விட்டு 'ஹரி பாது' என்றாலோ, 'ரி' லகுவாகிறது; முதல் வேற்றுமை உருபும் அழிகிறது. பாதமுடிவில் நிறுத்துங்கால் 'ஹி' என்ற சாயல் ஒலிப்பது மெய்யே. அஃது உச்சாரணத்தைச் சார்ந்தது, தனி அக்ஷரமன்று.

இனி அநுஸ்வாரம். வர்க்கவெழுத்துக்கு முன் அதனை 'ஸங்கல்பம்', 'ஸஞ்சயம்', 'ஸந்தாபம்' என இனமெல்லெழுத்தால் எழுதுவதிற் பழுதில்லை. யகரம் முதல் ஹகரம் வரையுள்ளவற்றின் முன்னரே இடர் நேர்கிறது. 'ஸம்ரக்ஷணம்' என்பதில் உள்ளது அநுஸ்வாரம். 'ஸம்ராட்' என்பதிலோ, பாணினி தனி ஸூத்ரமிட்டுக் காத்த மகாரம். தமிழில் இரண்டும் 'ம்' என்றே நிற்கும். அநுஸ்வாரத்துக்கு மட்டும் 'ஸம்'ரக்ஷணம்' என மேற்குறி ஒன்றிட்டு, முகவுரையில் அதனை விளக்கிவிட்டால் மயக்கம் நீங்கும். விஸர்கப் புள்ளிகளையும் இடைவெளியின்றி எழுத்தோடு ஒட்டியே அச்சிடல் வேண்டும்; இல்லையேல் அவற்றை நிறுத்தக்குறியென்றே கொள்வர்.