ஒரே விளம்பரம், சலித்த கண்கள்

ஒரு புடவைக் கடை பேஸ்புக்கில் விளம்பரம் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரம் 10,000 பேருக்கு 15,000 முறை காட்டியதில் 300 கிளிக் கிடைத்தது. மூன்றாம் வாரம் அதே 10,000 பேருக்கு 40,000 முறை காட்டியும் 320 கிளிக்தான். ஒருவர் பார்த்தது சராசரியாக 1.5 முறையிலிருந்து 4 முறையானது. நூறு காட்சிக்கு 2 ஆக இருந்த கிளிக் 0.8 ஆகச் சரிந்தது.

இரண்டும் சேர்ந்து நடந்தால் பெரும்பாலும் அது சலிப்புதான். காட்சி கூடாமல் கிளிக் மட்டும் குறைந்தால், விலையையும் பருவத்தையும் பாருங்கள்.

எழுத்தின் நிறத்தை மாற்றினால் போதாது. படமும் முதல் வரியும் மாற வேண்டும்: மாடல் படத்துக்குப் பதில் தறி ஓடும் வீடியோ, அடுத்து வாடிக்கையாளரின் அனுபவம். பழையது சரியும் முன்பே புதியதைத் தயாராக வைத்திருங்கள்.