மூணுக்கு ரெண்டு என்றால் எத்தனை சதவீதம்?

எங்க ஊர்ல மாமனும் மருமகனுமா ரெண்டு பேர் சேர்ந்து மரச்செக்கு போட்டிருக்காங்க. மாமா 3 லட்சம், மருமகன் 2 லட்சம். லாபத்தையும் மூணுக்கு ரெண்டுன்னு பிரிச்சுக்கிறதா வாய்ப்பேச்சு. முதல் வருஷம் செலவெல்லாம் போக 85,000 ரூபாய் நின்றது. அதைப் பிரிக்கும்போதுதான் மனஸ்தாபம் வந்து, "சார், நீங்க பேங்க்ல இருந்தவர், பார்த்துச் சொல்லுங்க" என்று என் களத்துமேட்டுக்கு வந்தார்கள்.

மாமா போட்ட கணக்கு இது: ரெண்டை மூணால் வகுத்தால் 66.67. "அது என் பங்கு, மீதி 33.33 அவனுக்கு. கூட்டினா நூறு சரியா வருதே!" என்றார். மருமகனுக்கு ஏதோ இடிக்கிறது, ஆனால் எங்கே என்று சொல்லத் தெரியவில்லை.

மூணையும் ரெண்டையும் ஒன்றோடொன்று வகுக்கக் கூடாது. முதலில் கூட்ட வேண்டும். 3 + 2 = 5. ஆக மொத்த லாபம் ஐந்து கூறு. நூறை ஐந்தால் வகுத்தால் ஒரு கூறு 20 சதவீதம். மூன்று கூறு 60, இரண்டு கூறு 40. ரூபாயில் ஒரு கூறு 17,000. மாமாவுக்கு 51,000, மருமகனுக்கு 34,000. மாமா கணக்குப்படி போயிருந்தால் மருமகனுக்கு 5,667 ரூபாய் குறைந்திருக்கும்.

நூறு வருகிறதா என்று பார்ப்பது மட்டும் போதாது. தப்பான கணக்கிலும் நூறு வரும். பெரிய பங்கைச் சின்ன பங்கால் வகுத்துப் பாருங்கள். 60-ஐ 40-ஆல் வகுத்தால் ஒன்றரை. மூணை ரெண்டால் வகுத்தாலும் ஒன்றரை. மாமா கணக்கில் ரெண்டு வருகிறது, அதாவது அது ரெண்டுக்கு ஒண்ணு.

இப்போது மூன்றாவதாக ஒருத்தர் 1 லட்சத்தோடு வருகிறார். 3, 2, 1 என்றால் மொத்தம் ஆறு கூறு. பழைய 60, 40 இனி செல்லாது. 50, 33.33, 16.67 என்று ஆகிவிடும். பாயின்டை விட்டுவிட்டு 33, 17 என்று பத்திரத்தில் எழுத நினைத்தார்கள். 90,000 லாபம் வந்தால் மருமகனுக்கு நியாயமாக 30,000. 33 சதவீதம் என்றால் 29,700. முந்நூறு ரூபாய்தானே என்று தோன்றும், வருஷா வருஷம் சேருமே! அதனால் பத்திரத்தில் 3:2:1 என்றே எழுதச் சொன்னேன். பாகம் தீர்க்கும்போது ஆறால் வகுத்துக்கொள்ளலாம்.

பத்திரம் என்றதும் மாமா முகம் கொஞ்சம் சுருங்கியது. சொந்தத்துக்குள்ளே எதுக்கு என்கிறார். 1932-ஆம் வருஷத்து கூட்டாண்மைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, பங்காளிகளுக்குள் வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் லாபமும் நஷ்டமும் சரிபாதி என்கிறது. யார் எவ்வளவு முதல் போட்டார்கள் என்று பார்க்காது. வாய்ப்பேச்சை நிரூபிக்க முடியாமல் போனால் அந்த 85,000-இல் ஆளுக்கு 42,500 என்றேன். மறுநாள் காலையிலேயே முத்திரைத்தாள் வாங்க மாமாதான் முதல் பஸ் ஏறினார்.