ஒருபொழுது நாளில் மாத்திரை

ஆடி வெள்ளியில் இருக்கன்குடி மாரியம்மனுக்கு ஒருபொழுது இருப்பவர்கள் தாயில்பட்டிப் பக்கம் ஏராளம். பகல் முழுக்கப் பட்டினி கிடந்து, ராத்திரி ஒரே இலையில் சர்க்கரைப் பொங்கல், வடை, பாயசம் என்று வயிறு நிறையச் சாப்பிடுவார்கள். சுகருக்கும் கொழுப்புக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இந்த நாளில் எங்கே தவறுகிறார்கள் என்பதைப் பார்ப்போம்.

பட்டாசு ஆலையில் வேலை பார்க்கும் ஐம்பது வயது அக்கா ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். தினமும் காலை இட்லிக்கு முன்னால் கிளிமிபிரைடு, ராத்திரி அட்டோர்வாஸ்டாட்டின். விரதமானாலும் மாத்திரையை விடக் கூடாது என்று வெறும் வயிற்றில் கிளிமிபிரைடைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடுகிறார். வயிற்றில் சோறு இருக்கிறதா என்று பார்த்து இன்சுலினைச் சுரக்க வைக்கிற மாத்திரை அல்ல அது. பதினோரு மணிக்குக் கை நடுங்குகிறது, வேர்த்து ஊற்றுகிறது, பேச்சு குழறுகிறது. வெயில் என்றோ மருந்து நெடி என்றோ பக்கத்தில் இருப்பவர்கள் நினைத்துவிடுவார்கள். வெடிமருந்துக்கு நடுவே கை நடுங்குவதே தனி ஆபத்து.

உடனே அவரை அறையைவிட்டு வெளியே கூட்டி வாருங்கள். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை. தெளிந்ததும் சாப்பிட்டே ஆக வேண்டும். இந்த மாத்திரையின் வேகம் நாள் முழுக்க இருக்கும், சுகர் மறுபடி இறங்கலாம். அன்றைய விரதம் அதோடு முடிந்தது, அம்மன் கோபிக்க மாட்டாள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.

விரதத்துக்கு ஒரு வாரம் முன்பே டாக்டரிடம் சொல்லிவிட்டால் இது நேராது. சுகர் மாத்திரையை அந்த ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு மாற்றலாமா, அளவைக் குறைக்க வேண்டுமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். காலையில் விட்டதையும் சேர்த்து ராத்திரி இரண்டாகப் போடுவது கூடவே கூடாது. அட்டோர்வாஸ்டாட்டினுக்குச் சாப்பாட்டுக் கணக்கு இல்லை, வழக்கமான நேரத்தில் போடலாம்.

மறுநாள் காலையிலேயே கொழுப்பு டெஸ்டுக்குப் போவது அடுத்த தவறு. பெரிய சாப்பாட்டுக்குப் பிறகு ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு மணிக்கணக்கில் ஏறி நிற்கும். சுகர் உள்ளவர்களுக்கு இறங்க இன்னும் தாமதமாகும். வழக்கமாக 160 வருகிறவருக்கு 260 காட்டினால், அதை வைத்துத் தேவையில்லாமல் மாத்திரையைக் கூட்டிவிட நேரலாம். எல்டிஎல் ஒரு வேளைச் சாப்பாட்டால் அவ்வளவாக மாறாது. ஆகவே சில நாள் வழக்கம்போல் சாப்பிட்டுவிட்டு டெஸ்ட் எடுங்கள், நேற்று என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு என்பதையும் சொல்லுங்கள். ட்ரைகிளிசரைடு 500-ஐத் தாண்டினால் மட்டும் டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள், அந்த அளவில் கணையம் வீங்கும் அபாயம் உண்டு.

இதையெல்லாம் கேட்கக் காசு வேண்டியதில்லை. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் பெண்ணிடம் விரத நாளைச் சொல்லி வையுங்கள், டாக்டரிடம் அவர் கேட்டுச் சொல்வார். சம்பளத்தில் இஎஸ்ஐ பிடித்தம் இருந்தால் உங்களுக்கும் குடும்பத்துக்கும் டாக்டர், டெஸ்ட், மாத்திரை எல்லாம் இலவசம். பிடித்தம் இருந்தும் கார்டு கையில் இல்லையென்றால் ஆலை அலுவலகத்தில் இஎஸ்ஐ எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.