கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுத்தால் என்ன ஆகும்?

கிரெடிட் கார்டில் பொருள் வாங்கினால் ஐம்பது நாள் வரைகூட வட்டி கிடையாது. அதே கார்டை ஏ.டி.எம்.மில் செருகிப் பணம் எடுத்தால், அந்தச் சலுகை ஒரு நாள்கூடக் கிடைக்காது.

காரணம் எளிது. கடையில் கார்டைத் தேய்க்கும்போது, கடைக்காரர் தன் விற்பனைத் தொகையில் ஒரு சிறு பங்கை விட்டுக்கொடுக்கிறார். அதில் ஒரு பகுதி கார்டு கொடுத்த வங்கிக்கு வருவதால், உங்களிடம் சில வாரம் வட்டி கேட்காமல் இருக்க முடிகிறது. ஏ.டி.எம்.மில் அப்படிக் கொடுக்க யாரும் இல்லை. போதாததற்கு இது ஈடில்லாக் கடன். கார்டில் ரொக்கம் எடுப்பவர் நெருக்கடியில் இருப்பார் என்பதும் வங்கியின் கணக்கு.

ஜூன் 3 அன்று 20,000 ரூபாய் எடுத்ததாக வைத்துக்கொள்வோம். பல வங்கிகளில் கட்டணம் 2.5 சதவீதம், குறைந்தது 500 ரூபாய். இங்கே 500. அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 90. வட்டி மாதம் 3.5 சதவீதம், அதாவது ஆண்டுக்கு 42. ஜூன் 20 ஸ்டேட்மெண்டில் பதினேழு நாள் வட்டியும் அதற்கான வரியும் சேர்ந்து சுமார் 21,050 ரூபாய் வரும். கெடு நாளான ஜூலை 8 அன்று முழுதாகக் கட்டிவிட்டீர்கள். தீர்ந்ததா? இல்லை. இடைப்பட்ட பதினெட்டு நாள் வட்டி, சுமார் 490 ரூபாய், அடுத்த மாதம் வந்து நிற்கும். "முழுசா கட்டினேனே!" என்று பலர் கொதிப்பது இதைப் பார்த்துத்தான். மொத்தச் செலவு சுமார் 1,540 ரூபாய். ஐந்தே நாளில் திருப்பியிருந்தால் பாதிக்கும் குறைவு, சுமார் 725. ஆகவே எடுத்துவிட்டால் ஸ்டேட்மெண்டுக்குக் காத்திருக்கக் கூடாது.

இதே 20,000 ரூபாயை வங்கியில் 10 சதவீத நகைக்கடனாக வாங்கினால், 35 நாள் வட்டி 192 ரூபாய். மதிப்பீட்டுக் கட்டணம் கொஞ்சம் கூடும். வைப்புத்தொகை இருந்தால் அதை உடைக்காமலே அதன்மேல் கடன் வாங்கலாம். பெரும்பாலும் வைப்பு வட்டியைவிட ஒன்றிரண்டு சதவீதம்தான் கூடுதல். வீட்டில் ஒரு மோதிரம்கூட இல்லாதவருக்கு, அலுவலகத்தில் சம்பள முன்பணம் கேட்பது கூச்சமாக இருந்தாலும் மலிவு.

அதற்கும் முன், ரொக்கம் உண்மையிலேயே தேவையா என்று பாருங்கள். ஆஸ்பத்திரியில் கார்டு வாங்குவார்கள் என்றால் அங்கேயே தேய்த்துவிடலாம். க்யூஆர் மட்டும் வைத்திருக்கும் கடையிலும் ரூபே கிரெடிட் கார்டை யு.பி.ஐ.யில் இணைத்துக் கட்டலாம். அது பெரும்பாலும் கொள்முதலாகவே கணக்காகும். தனிநபருக்கு இப்படி அனுப்ப முடியாது.

இன்னொன்று. கார்டில் பழைய கொள்முதல் பாக்கியும் இருந்தால், நீங்கள் கட்டும் தொகை முதலில் ரொக்கக் கடனுக்குப் போகும் என்று நம்பிவிட வேண்டாம். சில வங்கிகள் கொள்முதலைக் கழித்த பிறகே அதைத் தொடும். அந்த வரிசை கார்டோடு வரும் முக்கிய விதிமுறைகள் தாளில் இருக்கும்.