அக்காவின் ஒன்பது மணி எங்கே போனது?

மாணவர்களே, உங்களில் பலருக்கு லண்டனிலோ மெல்பர்னிலோ உறவினர் இருப்பார்கள். "அங்கே நம்மைவிட எத்தனை மணி நேரம் பின்னால்?" என்று கேட்டால் சட்டென ஓர் எண்ணைச் சொல்லிவிடுவீர்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த எண் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை ஏமாற்றியது.

என் அக்கா லண்டனில் இருக்கிறார், தம்பி மெல்பர்னில். அம்மாவும் நானும் கிள்ளானில். 2025 தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை வந்தது. அன்று மாலை 4 மணிக்குக் காணொளி அழைப்பில் நால்வரும் கூடினோம். அக்காவுக்கு அப்போது காலை 9 மணி, தம்பிக்கு இரவு 7 மணி. எல்லாருக்கும் வசதியாக இருந்ததால், "வரும் ஞாயிறும் இதே நேரம்" என்று சொல்லி முடித்தோம்.

ஞாயிறு 4 மணிக்கு அம்மா கைப்பேசியின் முன் உட்கார்ந்துவிட்டார். தம்பி வந்தான், அக்கா வரவில்லை. அழைத்தால் எடுக்கவில்லை. கால் மணி, அரை மணி ஆனது. அம்மாவின் முகம் மாறத் தொடங்கியது. தம்பிக்கு இரவு வேலை; 7.45க்கு அவன் கிளம்பிவிட்டான். சரியாக 5 மணிக்கு அக்கா சிரித்த முகத்துடன் அழைத்தார். "ஒன்பது மணிக்குத்தானே சொன்னோம்? இப்போதுதான் ஒன்பது" என்றார். அவர் சொன்னது உண்மை. நாங்கள் 4 மணி என்று காத்திருந்ததும் உண்மைதான்.

என்ன நடந்தது? அன்று அதிகாலை லண்டனில் எல்லாக் கடிகாரங்களும் ஒரு மணி நேரம் பின்னோக்கித் தள்ளப்பட்டன. அக்காவின் கைப்பேசி தூங்கும்போதே தானாக மாறிக்கொண்டது. அவர் அதைக் கவனிக்கவும் இல்லை.

இதைப் புரிந்துகொள்ள ஒரு பொது அளவுகோல் வேண்டும். உங்கள் கைப்பேசியின் நேர அமைப்பில் UTC என்ற மூன்று எழுத்துகளைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் உலகத்துக்கான பொது நேரம். அது கோடையிலும் குளிரிலும் மாறாது. ஒவ்வோர் ஊரும் அதிலிருந்து எவ்வளவு முன்னே அல்லது பின்னே என்று சொல்லப்படுகிறது. மலேசியா UTC+8. இந்தியா UTC+5:30. ஆகவே சென்னை நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. இந்த இரண்டரை ஆண்டு முழுவதும் மாறாது, ஏனெனில் இரு நாடுகளுமே கடிகாரத்தைத் தொடுவதில்லை.

இந்த எண்கள் எங்கிருந்து வந்தன? பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. அதாவது மணிக்கு 15 பாகை. கோலாலம்பூர் ஏறத்தாழ 101.7 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் உள்ளது. 15ஆல் வகுத்தால் 6 மணி 47 நிமிடம் வருகிறது, 8 வரவில்லை! சூரியனை மட்டும் கேட்டால் நம் கடிகாரம் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக முந்தி ஓடுகிறது. நம் ஊரில் சூரியன் மிக உயரத்தில் நிற்பது பகல் 12 மணிக்கு அல்ல, 1.15ஐ ஒட்டித்தான் என்பதைப் பள்ளித் திடலில் ஒரு குச்சியை நட்டு நிழலை அளந்தால் நீங்களே காணலாம். தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1ஆம் நாள் வரை UTC+7:30இல் இருந்தது. சபா, சரவாக்குடன் ஒரே நேரம் வேண்டும் என்பதற்காக அரை மணி முன்னே நகர்த்தினார்கள். ஆக, நேர வித்தியாசம் என்பது பாதி புவியியல், பாதி அரசாங்க முடிவு. வரைபடத்தை மட்டும் பார்த்துக் கணக்கிட்டால் தவறிவிடுவோம்.

லண்டன் குளிர்காலத்தில் UTC+0. மார்ச் மாதக் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை UTC+1. கோடையில் அங்கே பகல் 16 மணி நேரத்துக்கும் மேல் நீளும், குளிரில் 8 மணி நேரத்துக்கும் கீழே சுருங்கும். விடியற்காலை வெளிச்சத்தை மாலைக்கு மாற்றிக்கொள்ளவே கடிகாரத்தை நகர்த்துகிறார்கள். நம் நாட்டில் பகலின் நீளம் ஆண்டு முழுவதும் ஒரு மணி நேரம்கூட வேறுபடுவதில்லை. நமக்கு அந்தத் தேவை இல்லை.

மெல்பர்ன் பூமியின் தெற்குப் பாதியில் உள்ளது. அங்கே கோடை டிசம்பரில். அதனால் அக்டோபர் முதல் ஞாயிறு அவர்கள் UTC+10இலிருந்து UTC+11க்குப் போகிறார்கள், ஏப்ரல் முதல் ஞாயிறு திரும்புகிறார்கள். லண்டன் பின்னே போகும் அதே மாதத்தில் மெல்பர்ன் முன்னே போகிறது! ஜூனில் அக்காவுக்கும் தம்பிக்கும் 9 மணி நேர இடைவெளி. டிசம்பரில் அது 11 ஆகிவிடும்.

இப்போது எங்கள் அழைப்பைக் கணக்கிடுவோம். வழி எளிது: ஊரின் நேரத்திலிருந்து அதன் எண்ணைக் கழித்து UTCக்குப் போங்கள், பிறகு மற்ற ஊரின் எண்ணைக் கூட்டுங்கள். தீபாவளியன்று மாலை 4 மணி, அதாவது 16 மணி. 8ஐக் கழித்தால் UTC 8 மணி. லண்டனுக்கு 1ஐக் கூட்டினால் காலை 9. மெல்பர்னுக்கு 11ஐக் கூட்டினால் 19, அதாவது இரவு 7. அடுத்த ஞாயிறு லண்டனுக்குக் கூட்ட வேண்டியது 0. நம் 4 மணி அங்கே காலை 8 ஆகிவிட்டது. அக்கா தூங்கிக்கொண்டிருந்தார்.

கழிக்கும்போது நள்ளிரவைத் தாண்டினால் தேதியும் மாறும். இதில்தான் என் படிவம் 3 மாணவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். அதே ஞாயிறு காலை 9 மணிக்கு டொரோன்டோவுக்கு அழைத்தால்? 9இல் 8 போனால் UTC அதிகாலை 1 மணி. டொரோன்டோ அன்று UTC−4. ஒன்றிலிருந்து நான்கு மணி நேரம் பின்னே போனால் சனிக்கிழமை இரவு 9. ஞாயிறு பிறந்தநாளுக்கு வாழ்த்துச் சொன்னால் ஒரு நாள் முன்கூட்டியே சொன்னதாகிவிடும்.

எங்களுக்கு மிஞ்சிய கேள்வி, எந்த நேரம் எல்லாருக்கும் ஒத்துவரும் என்பது. அக்கா காலை 8க்கு முன் வரமாட்டார். தம்பிக்கு இரவு 9.30க்குள் முடிய வேண்டும். வேலைக்குப் போகும் ஞாயிறுகளை விட்டுவிட்டோம். டிசம்பரில் அக்காவின் 8 மணி நமக்கு மாலை 4, தம்பியின் 9.30 நமக்கு மாலை 6.30. ஆக, இரண்டரை மணி நேரச் சாளரம். ஜூனில் அது 3 மணி முதல் 7.30 வரை அகலமாகிறது. இரண்டிலும் அடங்கும் மாலை 5 மணியைத் தேர்ந்தெடுத்தோம்.

"5 மணி" என்று மட்டும் சொன்னால் பழைய கதைதான். யாருடைய கடிகாரப்படி என்பதையும் முடிவு செய்ய வேண்டும். "மலேசிய நேரம் மாலை 5" என்று குடும்பப் புலனக் குழுவில் எழுதினேன். மூன்று ஊர்களில் நம்முடையதுதான் நகராத கடிகாரம். மாறுபவர்கள் தங்கள் பக்கம் கணக்கிட்டுக்கொள்ளட்டும். கைப்பேசி நாட்காட்டியில் போடும்போதும் நேர மண்டலமாகக் கோலாலம்பூரைத் தேர்ந்தெடுத்தேன். அப்போதுதான் அக்காவின் கைப்பேசி சரியான மணிக்கு நினைவூட்டும்.

மார்ச் கடைசி ஞாயிறு லண்டன் மாறும், ஏப்ரல் முதல் ஞாயிறுதான் மெல்பர்ன் மாறும். இடைப்பட்ட நாள்களில் ஒரு புதன்கிழமை அம்மாவின் பிறந்தநாள் அழைப்பு மலேசிய நேரம் மாலை 5 மணிக்கு என்று வையுங்கள். அக்காவுக்கும் தம்பிக்கும் அப்போது எத்தனை மணி? தாளும் பென்சிலும் எடுத்து முயன்று பாருங்கள்.