புதிய நெல்லுக்குப் பெயர் வைக்கும் முன்

சம்பா வயலில் நூறு கதிர்களுக்கிடையே ஒரு கதிர் மட்டும் வேறாக நிற்பதைக் கண்டு, அதைத் தனியாக அறுத்து வைக்கும் விவசாயிகள் சுவாமிமலைப் பகுதியிலும் உண்டு. நாலைந்து ஆண்டுகளில் அது சில மூட்டை நெல்லாகிவிடும். விற்கப் போகும்போது வியாபாரி முதலில் கேட்பது, "இது என்ன ரகம்?" என்பதுதான். நம்மிடம் பதில் இல்லையென்றால் அவரே ஒரு பெயரை வைத்துவிடுவார்.

மகாராஷ்டிர மாநிலம் சந்திரபூர் மாவட்டத்தில் நடந்தது இதுவே. அங்கே நாந்தேடு என்னும் சிற்றூரில் தாதாஜி ராமாஜி கோப்ரகடே என்ற சிறு விவசாயி இருந்தார். 1983-ல் தம் 'படேல் 3' நெல் வயலில் மஞ்சள் நிறமாய், சன்னமான மணியுடன் சில கதிர்களைக் கண்டார். அவற்றைப் பிரித்தெடுத்து ஆண்டுதோறும் பெருக்கினார். அவரிடம் விதை வாங்கிய ஒரு நிலக்கிழார் விளைச்சலைச் சந்தைக்குக் கொண்டு போனார். பெயரில்லாத அந்த நெல்லுக்கு 1990 வாக்கில் ஒரு வியாபாரி, அப்போது பெயர் பெற்றிருந்த கைக்கடிகாரத்தின் பெயரையே வைத்தார். இப்படித்தான் எச்.எம்.டி. நெல் பிறந்தது.

பெயர் வாங்குவோர் மனதில் நன்றாகவே பதிந்தது. ஆனால் அதில் ஊரும் இல்லை, கண்டவரும் இல்லை. 1998-ல் அகோலா வேளாண் பல்கலைக்கழகம் அந்த ரகத்தைத் தூய்மைப்படுத்தி 'பி.கே.வி.-எச்.எம்.டி.' என்று வெளியிட்டபோதும் பெயரில் அவர் இடம்பெறவில்லை. பின்னாளில் தாம் பிரித்தெடுத்த மற்ற ரகங்களுக்கு, தம் பெயரின் முதல் எழுத்துகளைக் கொண்டு 'டி.ஆர்.கே.' என்றும், ஊர்ப் பெயருடன் 'நாந்தேடு ஹீரா' என்றும் பெயர்கள் அமைந்தன.

இப்போது நம் ஊருக்கு வருவோம். சுவாமிமலை விவசாயி ஒருவர் தம் சன்ன ரக நெல்லுக்குச் 'சுவாமிமலைப் பொன்னி' என்று பெயரிட எண்ணுகிறார் என வைத்துக்கொள்வோம். கேட்கச் சுகமாயிருக்கும், ஆனால் இரண்டு சிக்கல்கள் உண்டு. பொன்னி வேறொரு ரகத்தின் பெயர். பி.பி.டி. 5204-ஐ 'ஆந்திரா பொன்னி' என்று விற்றுப் பழகியதால், பொன்னி எது என்ற குழப்பம் ஏற்கெனவே உள்ளது. புதிய நெல்லையும் அதில் சேர்த்தால், வாங்குபவர் அதைப் பழைய பொன்னியில் ஒரு வகை என்றே எண்ணுவார். இரண்டாவது, பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம், 2001, ஊர்ப் பெயர் கலந்த பெயரைப் பொதுவாக ஏற்பதில்லை. நேர்மையான பயன்பாடு எனப் பதிவாளர் கருதினால் மட்டுமே அனுமதிக்கலாம். வெறும் எண்களாலான பெயரையும், ரகத்தின் குணத்தைப் பற்றித் தவறாக எண்ண வைக்கும் பெயரையும் மறுக்கலாம். ஆகவே, வேறெந்த நெல்லுக்கும் இல்லாத, இரண்டு மூன்று அசைகளில் அடங்கும் சொல்லே நல்லது. குடும்பப் பெயரின் எழுத்துகளையோ வயலின் வழக்குப் பெயரையோ கொண்டு அதை அமைக்கலாம். நடவாளும் வண்டிக்காரரும் ஒருமுறை கேட்டுத் திருப்பிச் சொல்ல முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயருக்குப் பின்னால் நெல் ஒன்றாக இருக்க வேண்டும். நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறும். ஆனாலும் களத்திலும் சாக்கிலும் கலப்பு நேரும். நூறு கதிர்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றையும் தனி வரிசையாக நடுங்கள். மாறுபட்ட வரிசைகளை ஒதுக்கி, மீதியைச் சேர்த்து விதையாக்குங்கள். விதை வயலுக்கும் பிற நெல் வயலுக்கும் 3 மீட்டர் இடைவெளி விடுங்கள். பூக்கும் முன்பும், பூக்கும்போதும், அறுவடைக்கு முன்பும் கலவன்களை வேரோடு பிடுங்குங்கள். உயரம் மிகுந்தது, முன்பின்னாகப் பூப்பது, மூக்கு உள்ளது, தூரின் நிறம் மாறியது ஆகியவையே கலவன்களின் அடையாளம். உங்கள் ரகத்தின் உயரம், வயது, மணியின் வடிவம், தூரின் நிறம் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நோட்டில் உள்ளதும் வயலில் உள்ளதும் ஒத்துப் போகாத ஆண்டில் விதையைப் பிறருக்குக் கொடுக்காதீர்கள்.

அடுத்தது பதிவு. இச்சட்டப்படி விவசாயியின் ரகத்தைப் பதிவு செய்ய அவரிடம் கட்டணம் வாங்குவதில்லை. தனித்தன்மை, ஒருமைத்தன்மை, நிலைத்தன்மை ஆகிய மூன்றும் சோதனையில் தேறினால் நெல்லுக்கு 15 ஆண்டு வரை பாதுகாப்புக் கிடைக்கும். அந்த நோட்டு இங்கேயும் உதவும். விண்ணப்பிக்கும் முறையை அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டறியலாம். ரகத்தின் பெயரை வணிகச் சின்னமாகவும் பதிவு செய்ய முடியாது என்பதை நினைவில் வையுங்கள். சாக்கில் அச்சிடும் உங்கள் சின்னம் வேறாக இருக்கட்டும்.

பக்கத்து வயல்காரருக்கு முதல் மரக்கால் விதையைக் கொடுக்கும் நாளிலேயே ஒரு சீட்டில் பெயரையும் ஆண்டையும் எழுதி உள்ளே போடுங்கள். கோப்ரகடேயின் விதை வயலை விட்டுப் போனபோது அதற்குப் பெயர் இல்லை. உங்கள் விதை பெயரோடு போகட்டும்.