பாஸ்புக்கில் ஒரு தொகை, கேஷ் புக்கில் வேறு தொகை

சங்கத்தின் பொருளாளர் மாறும்போது புதியவர் கைக்கு முதலில் வருவது பெரும்பாலும் ஒரு பைதான். அதில் கேஷ் புக், பாஸ்புக், செக் புக், ரசீதுப் புத்தகங்கள், வவுச்சர் கட்டு எல்லாம் கிடக்கும். வாங்கியதும் எழுத உட்கார்ந்துவிடக் கூடாது. கையிருப்பு ரொக்கம் எவ்வளவு, எந்த எண்ணிலிருந்து செக்கும் ரசீதும் எழுதப்படாமல் மிச்சம் உள்ளன என்று ஒரு தாளில் குறித்து, பழையவரும் புதியவரும் கையெழுத்திட வேண்டும். பின்னாளில் ஒரு ரசீது காணாமல் போனால், யார் காலத்தில் போனது என்பதை அந்தத் தாள்தான் காட்டும்.

அடுத்த வேலை, கேஷ் புக்கை வங்கிக் கணக்கோடு ஒத்துப்பார்ப்பது. புதியவர்கள் மிரள்வதும் இங்கேதான்.

ஒரு குடியிருப்போர் சங்கத்தை எடுத்துக்கொள்வோம். மார்ச் 31 அன்று கேஷ் புக்கின் வங்கிப் பத்தியில் இருப்பு ரூ.48,600. பாஸ்புக்கிலோ ரூ.52,950. நாலாயிரத்துச் சொச்சம் கூடுதலாக இருக்கிறதே என்று அதைச் செலவழித்துவிடக் கூடாது. முதலில் பாஸ்புக்கில் இருந்து கேஷ் புக்கில் ஏறாதவற்றைத் தேட வேண்டும். வட்டி ரூ.400, ஓர் உறுப்பினர் சொல்லாமல் நேரே அனுப்பிய சந்தா ரூ.500, வங்கி பிடித்துக்கொண்ட கட்டணம் ரூ.150. மூன்றையும் கேஷ் புக்கில் எழுதினால் இருப்பு ரூ.49,350 ஆகும்.

இனி மறுபக்கம். எலக்ட்ரீஷியனுக்குக் கொடுத்த ரூ.4,200 செக்கை அவர் இன்னும் வங்கியில் போடவில்லை. சங்கம் போட்ட ரூ.600 செக் இன்னும் வரவாகவில்லை. பாஸ்புக் இருப்பில் முன்னதைக் கழித்துப் பின்னதைக் கூட்டினால் அங்கேயும் அதே ரூ.49,350 வருகிறது. எலக்ட்ரீஷியனின் செக்கை மறந்துவிட வேண்டாம். தேதியிட்ட மூன்று மாதத்துக்குப் பிறகு அது செல்லாது. அதை ரத்து செய்து புதிய செக் தர வேண்டியிருக்கும்.

இப்படி ஒத்துப்போனாலும் கணக்கு சுத்தம் என்று சொல்லிவிட முடியாது. யாரோ ரொக்கமாகக் கொடுத்த சந்தா கேஷ் புக்கிலும் ஏறாமல், வங்கிக்கும் போகாமல் இருந்தால் இந்தச் சோதனையில் அது சிக்கவே சிக்காது. அதைப் பிடிக்க ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டைகளை வரிசை எண்படி கேஷ் புக்கோடு பார்க்க வேண்டும். 217-க்கு அடுத்து 219 இருந்தால், 218 எங்கே என்று கேட்டாக வேண்டும். தவறாக எழுதிய ரசீதைக் கிழித்து எறியாமல், குறுக்கே கோடிட்டுப் புத்தகத்திலேயே வைத்திருப்பது இதற்காகத்தான். வசூலான ரொக்கத்திலிருந்தே செலவு செய்யும் பழக்கத்தையும் விட வேண்டும். வசூல் முழுவதும் வங்கிக்குப் போனால்தான் ரசீதுகளின் கூட்டுத்தொகையை வங்கியில் கட்டிய தொகையோடு நேராக ஒப்பிட முடியும்.

செலவுக்குச் சாட்சி சொல்வது மினிட் புக். ரூ.4,200 வவுச்சரில் எலக்ட்ரீஷியனின் பில்லோடு, வேலைக்கு அனுமதி தந்த செயற்குழுத் தீர்மானத்தின் எண்ணும் தேதியும் இருந்தால், பொதுக்குழுவில் யார் கேட்டாலும் ஒரு நிமிடத்தில் பதில் எடுத்துக் காட்டலாம். செக்கில் கையெழுத்திடும் இருவரில் ஒருவர் ஊருக்குப் போகிறார் என்பதற்காக, வெற்றுச் செக்கில் முன்கூட்டியே கையெழுத்து வாங்கி வைக்கும் வழக்கம் பல சங்கங்களில் உண்டு. இரண்டு கையெழுத்து என்ற பாதுகாப்பே அதில் போய்விடுகிறது.

ஒத்துப்பார்த்த தாளை மாதந்தோறும், பணத்தைக் கையாளாத ஒரு செயற்குழு உறுப்பினர் பாஸ்புக்கோடு சரிபார்த்துக் கையெழுத்திட்டு, அதை மினிட் புக்கிலும் பதிவு செய்துவிட வேண்டும்.